விட்டுப்போன இருபது வாரங்கள்: பினாங்கின் சிறு தொண்டு அமைப்புகளின் செயலவையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே, வணக்கம்.

பட்டர்வொர்த், பிறை பக்கமுள்ள சில சிறு அமைப்புகளுக்கு நான் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கணக்காய்வாளர். தேர்ந்தெடுக்கப்பட்ட என்பது பெரிய சொல். "கணக்காய்வாளர் இருவர் வேண்டும்" என்று தலைவர் கேட்டதும் மண்டபமே தலையைக் குனிந்துகொள்ளும். அந்த நேரத்தில் நிமிர்ந்திருந்து மாட்டிக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது, கூட்டம் முடிந்ததும் ஒரு மீஹூன் பொட்டலம் கிடைக்கும். ரசீதுகளையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுக் கையெழுத்திடுவதுதான் என் வேலை. கணக்குக்கு முன்னால் வைத்துத் தைத்திருக்கிறீர்களே, செயலாளர் அறிக்கை, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நான் முதலில் படிப்பது அதைத்தான். படித்துவிட்டுக் கணக்கைப் புரட்டினால், இரண்டும் ஒரே ஆண்டைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்ற ஐயம் அடிக்கடி வருகிறது. அந்த ஐயத்தைப் பற்றியதுதான் இந்த மடல்.

சட்டம் உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் ஆண்டு விவரங்களைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பவேண்டும். பொறுப்பாளர் பட்டியலும் கணக்கும் சரியாக இருந்தால் அந்தக் கடமை தீர்ந்தது. வகுப்பு நடந்ததா, எத்தனை பிள்ளைகள் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்றெல்லாம் எந்தப் படிவமும் கேட்பதில்லை. அதைச் சொல்வதற்கென்று இருக்கிற ஒரே இடம் செயலாளர் அறிக்கை. அந்த அறிக்கையையோ நாம் "வாசிக்கப்பட்டதாக ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஒருவர் முன்மொழிய ஒருவர் வழிமொழிய, இரண்டே நிமிடத்தில் தாண்டிப்போய்விடுகிறோம்.

பெரும்பாலான அறிக்கைகளின் அமைப்பு உங்களுக்கே தெரியும். பொங்கல் விழா சிறப்பாக நடைபெற்றது. அதற்கு டத்தோ ஒருவர் சிறப்பு வருகை புரிந்தார். தீபாவளிக்கு உணவுக்கூடை வழங்கப்பட்டது. அதற்கு மூன்று பக்கம் வண்ணப் படங்கள். இலவச வகுப்புகள் நல்ல வரவேற்பைப் பெற்றன. கடைசிப் பக்கத்தில், நன்றியுரைக்கு மேலே, "சில சவால்கள் இருந்தபோதிலும்" என்று தொடங்கும் ஒற்றை வாக்கியம். சவால் என்ன, எவ்வளவு, யாரால் என்பது அந்த வாக்கியத்துக்குள் போனவருக்கும் தெரியாது, வெளியே வந்தவருக்கும் தெரியாது.

பொதுவாகப் பேசினால் இது குறை சொல்வதாகவே நின்றுவிடும். ஓர் அறிக்கையை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். கீழே வரும் அமைப்பு என் கற்பனை; எண்கள் நான் போட்டவை. யாரையும் குறிப்பதாக எண்ணவேண்டாம். ஆனால் இத்தகைய கணக்கு நம் பக்கத்தில் எங்கும் இருக்கக்கூடியது.

ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மலாய்மொழியும் வரலாறும் இலவசமாகக் கற்பிக்கிற ஓர் அமைப்பு. இந்த இரண்டு பாடங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இவற்றில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, மற்ற பாடங்களில் என்ன வாங்கியிருந்தாலும் பயனில்லை. மலாய்மொழிக்கு அந்த விதி முன்பே இருந்தது. வரலாற்றுக்கு 2013இல் வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் அமைப்பு சொன்ன வாக்கு: 40 வாரங்கள், வாரத்துக்கு ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு வகுப்பு. ஆக மொத்தம் 160 வகுப்புகள். ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 60 ரிங்கிட் படி.

ஆண்டு முடிவில் செயலாளர் எழுதுகிறார்: "எங்களின் இலவச வகுப்புகள் ஆண்டு முழுவதும் சிறப்பாக நடைபெற்றன. 46 மாணவர்கள் பதிந்து பயன்பெற்றனர். தேர்வு எழுதியவர்களில் 83 விழுக்காட்டினர் இரு பாடங்களிலும் தேர்ச்சி பெற்றனர்."

இந்த மூன்று வாக்கியங்களில் பொய் என்று விரல் வைக்க ஒன்றுமில்லை. இப்போது கணக்குக்குப் போவோம். ஆசிரியர் படி என்ற வரிக்கு எதிரே 6,900 ரிங்கிட். ஒரு வகுப்புக்கு 60 என்றால், நடந்தவை 115 வகுப்புகள். 160 எங்கே, 115 எங்கே? 45 வகுப்புகளைக் காணவில்லை. ரசீதுக் கட்டை அவிழ்த்துப் பாடவாரியாகப் பிரித்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. மலாய்மொழிக்கு 80இல் 76 நடந்திருக்கின்றன. நான்கு மட்டும் பொதுவிடுமுறையில் போயின. வரலாற்றுக்கு 80இல் 39தான். பத்தாவது வாரத்துக்குப் பிறகு வரலாற்று ஆசிரியரின் கையெழுத்தே இல்லை. முப்பத்தோராவது வாரத்தில் வேறொரு கையெழுத்து தொடங்குகிறது. நடுவில் இருபது வாரங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. "ஆண்டு முழுவதும் சிறப்பாக" என்ற தொடர் அந்த இருபது வாரங்களைத்தான் மூடிவைத்திருக்கிறது.

பொருளாளரும் செயலாளரும் வேறு வேறு வீட்டில் உட்கார்ந்து, வேறு வேறு இரவில் எழுதுவதால் வரும் வினை இது. அறிக்கை எழுதுவதற்கு முன் இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, செலவுப் பட்டியலின் ஒவ்வொரு பெரிய வரிக்கும் எதிரே அறிக்கையில் ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பாதிக்கு மேல் சரியாகிவிடும். திட்டமிட்ட தொகையும் செலவான தொகையும் கணிசமாக வேறுபடுகிற இடத்தில் கட்டாயம் ஒரு கதை இருக்கும். அதிகம் செலவாகியிருந்தால் யாராவது கேட்பார்கள். குறைவாகச் செலவாகியிருந்தால் ஒருவரும் கேட்பதில்லை. "சிக்கனமாக நடத்தியிருக்கிறார்கள்" என்று கைதட்டுகிறார்கள். தொண்டு அமைப்பில் செலவாகாத பணம் பெரும்பாலும் செய்யாத வேலை. நம் எடுத்துக்காட்டில் மிஞ்சிய 2,700 ரிங்கிட்டும் அப்படிப்பட்டதுதான்.

அந்தப் பணம் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆசிரியர் படிக்கென்றே ஒருவர் 9,600 ரிங்கிட் கொடுத்திருந்தால், மிச்சம் 2,700ஐப் பொதுநிதியில் கலந்து வாடகை கட்டிவிட முடியாது. ஐந்தொகையில் அதைத் தனி வரியாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கான செலவாகாத நிதி என்று காட்டவேண்டும். கொடுத்தவருக்கு அறிக்கை அச்சாகும் முன்பே எழுதி, அடுத்த ஆண்டு வரலாற்று வகுப்புக்குப் பயன்படுத்தலாமா, திருப்பித் தரவேண்டுமா என்று கேட்கவேண்டும். பெரிய நன்கொடையாளர் ஒருவர் தன் பணம் செலவாகாமல் போன செய்தியை ஆண்டறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்வது முறையல்ல. வகுப்பு நின்ற மாதமே அவருக்கு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ போயிருக்கவேண்டும். அப்படிப் போயிருந்தால், அறிக்கையில் அந்தப் பத்தியை எழுதும்போது கையும் நடுங்காது.

இனி அந்த 83 விழுக்காட்டுக்கு வருவோம். என்னைக் கேட்டால் ஆண்டறிக்கைகளில் அதிகம் ஏமாற்றுகிற எண் இதுதான். எழுதியவரையே முதலில் ஏமாற்றுகிறது. பதிந்தவர்கள் 46 பேர். கடைசிவரை வந்து தேர்வு எழுதியவர்கள் 29 பேர். இரு பாடங்களிலும் தேறியவர்கள் 24 பேர். 29இல் 24 என்பது 83 விழுக்காடு, சரிதான். ஆனால் ஒரு வாக்கியத்தில் 46 பேரைக் காட்டிவிட்டு அடுத்த வாக்கியத்தில் 83 விழுக்காடு என்றால், வாசிப்பவர் மனத்தில் 38 பேர் தேறியதாகக் கணக்கு ஓடுகிறது. இடையில் நின்றுபோன 17 பேர் இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகிறார்கள்.

சரி, 46இல் 24 என்று மாற்றிப் போட்டு, 52 விழுக்காடுதான் என்று அடக்கமாக எழுதிவிடலாமா? அதுவும் பிழை. நின்றுபோன 17 பேரும் தோற்றார்கள் என்று அந்த எண் மறைமுகமாகச் சொல்கிறது. அது நமக்குத் தெரியாது. சிலர் வேறு இடத்தில் படித்துத் தேறியிருக்கலாம். ஆகவே முதலில் செய்யவேண்டியது பெற்றோரின் எண்களை எடுத்து அழைப்பது. 17 வீட்டுக்கு அழைக்க இரண்டு மாலைகள் ஆகும். 11 பேரின் நிலை தெரியவந்தது, அதில் 6 பேர் இரண்டிலும் தேறியிருக்கிறார்கள், மற்ற 6 பேரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே எழுதலாம். "தொடர்புகொள்ள முடியவில்லை" என்பதும் ஓர் உண்மை; அச்சில் வரத் தகுதியானது. விழுக்காட்டை விட்டுவிட்டு ஆள்கணக்கிலேயே எழுதுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். 29 பேர் இருக்கும் இடத்தில் ஒரு பிள்ளை தேறினாலும் தோற்றாலும் மூன்று விழுக்காடு ஏறி இறங்கும். அவ்வளவு சிறிய கூட்டத்துக்கு விழுக்காடு என்பது தேவையில்லாத அலங்காரம்.

பாடவாரியாகவும் பிரித்துக் காட்டவேண்டும். 29 பேரில் மலாய்மொழியில் 28 பேர் தேறினார்கள். வரலாற்றில் 25 பேர். சேர்த்துச் சொன்ன எண்ணில் மறைந்திருந்தது பிரித்துச் சொன்னதும் வெளியே வருகிறது: வகுப்பு ஒழுங்காக நடந்த பாடத்தில் ஒருவர் தவறினார், பாதி நடந்த பாடத்தில் நால்வர். இதை வைத்துக்கொண்டு "வகுப்பு நடக்காததால்தான் தோற்றார்கள்" என்று எழுதிவிடக்கூடாது. பள்ளியிலும் அவர்கள் வரலாறு படித்தார்கள்; நால்வரை வைத்து அவ்வளவு உறுதியாக எதையும் சொல்ல முடியாது. அதே காரணத்தால்தான் "எங்கள் வகுப்பால் 28 பேர் தேறினார்கள்" என்றும் எழுத முடியாது. பள்ளியில் கூடுதல் வகுப்பு வைத்திருப்பார்கள், வீட்டில் அக்காள் சொல்லிக்கொடுத்திருப்பாள். குறையை ஒப்புக்கொள்ளும்போது காட்டுகிற கவனத்தைப் பெருமையைச் சொல்லும்போதும் காட்டினால்தான் படிப்பவருக்கு இரண்டிலும் நம்பிக்கை வரும்.

பெருமைக்குச் சான்று வேண்டுமானால் தொடக்கநிலையைப் பதிந்துவைத்திருக்கவேண்டும். பதிவின்போதே ஒவ்வொரு மாணவரின் நான்காம் படிவ இறுதித் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தால் செலவு ஒன்றுமில்லை. அந்த 29 பேரில் 17 பேர்தான் அப்போது மலாய்மொழியில் தேறியிருந்தார்கள் என்றால், 17இலிருந்து 28 என்பது சொல்லத்தக்க செய்தி. தொடக்கத்தில் 27 பேர் ஏற்கெனவே தேறியிருந்தால், அதே 28 பெரிய செய்தியல்ல. தொடக்க எண் இல்லாத சாதனையை நான் படிக்கும்போது பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்கிறேன்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான அமைப்புகளின் கணக்காண்டு சனவரி முதல் டிசம்பர் வரை. எஸ்.பி.எம். முடிவோ அதன் போக்கில் வருகிறது. 2023ஆம் ஆண்டுக்கான தேர்வின் முடிவு 2024 மே 27ஆம் தேதிதான் வெளிவந்தது. மார்ச்சில் பொதுக்கூட்டம் வைத்த அமைப்பு எந்த முடிவை எழுதியிருக்கும்? முந்தைய அணியின் முடிவை, இந்த ஆண்டுச் செலவுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும். படிப்பவர் இந்தப் பணத்தால் அந்த முடிவு வந்தது என்று எண்ணிக்கொள்வார். ஆகவே எந்த ஆண்டுத் தேர்வு எழுதிய அணி என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். முடிவு இன்னும் வரவில்லையென்றால் வரவில்லை என்றே போடுங்கள். வந்ததும் உறுப்பினர்களின் புலனக் குழுவில் தெரிவிப்போம் என்று சேர்த்துவிட்டு, வந்ததும் மறக்காமல் தெரிவியுங்கள்.

காரணம் எழுதும் இடத்தில்தான் பேனா அதிகம் தடுமாறுகிறது. மூன்று வழக்கமான பதில்கள் உண்டு. "பெற்றோர் போதிய ஒத்துழைப்பு தரவில்லை." "எதிர்பாராத சூழ்நிலை." "வகுப்புகள் நடத்த இயலாமல் போனது." முதலாவது பழியை அறிக்கையைப் படிக்க வாய்ப்பில்லாதவர்மேல் போடுகிறது. இரவு வேலைநேரத்தில் பிறை தொழிற்சாலையில் நிற்கும் தாய் உங்கள் அறிக்கைக்கு மறுப்பு எழுதப்போவதில்லை. மற்ற இரண்டும் பழியை யார்மேலும் போடாமல் காற்றில் விடுகின்றன.

நம் எடுத்துக்காட்டில் என்னதான் நடந்தது? வரலாற்று ஆசிரியர் ஓய்வுபெற்றவர். பத்தாவது வாரத்தில் உடல்நலம் கெட்டது. இது யார் கையிலும் இல்லை. ஆனால் பதினான்காவது வாரத்திலேயே வேறோர் ஆசிரியர் வரச் சம்மதித்துவிட்டார். அவரை நியமிக்கச் செயலவை கூடவேண்டும். இரண்டு முறை கூட்டம் அழைத்தும் போதிய ஆள் வரவில்லை. மூன்றாவது கூட்டத்தில் படித் தொகையைப் பற்றிப் பேச்சு வளர்ந்து முடிவில்லாமல் போனது. பிறகு அவர் வேறு இடத்துக்குப் போய்விட, புதிதாகத் தேடவேண்டியதாயிற்று. ஆக, இருபது வாரத்தில் நான்கு வாரம் நோயினால். மீதிப் பதினாறும் செயலவையினால். இந்தப் பிரிப்பைச் செய்யாத வரை அடுத்த ஆண்டும் இதேதான் நடக்கும், ஏனென்றால் நோய்க்கு நாம் மருந்து தேட முடியாது, செயலவைக்குத் தேடலாம். ஒரு மாற்று ஆசிரியரை, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட படிக்குள், தலைவரும் செயலாளரும் சேர்ந்தே நியமிக்கலாம், பின்னர் செயலவையில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு தீர்மானம் போட்டால் அந்த ஓட்டை அடைபடும்.

நின்றுபோன 17 பேரையும் இப்படித்தான் பிரிக்கவேண்டும். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவருடைய கடைசிக் குறி எந்த வாரத்தில் விழுந்திருக்கிறது என்று விரலை ஓட்டிப் பாருங்கள். 9 பேரின் பெயருக்கு எதிரே வரலாறு இல்லாத அந்த இருபது வாரங்களுக்குள் குறி நின்றிருக்கிறது. 5 பேர் மாலையில் கடைவேலைக்குப் போனார்கள். 3 பேரின் குடும்பம் வீடு மாறியது. அந்த 9 பேரும் வகுப்பு நின்றதால்தான் வரவில்லை என்று எழுதுவதற்கு முன் அவர்களைக் கேட்கவேண்டும். கேட்காதவரை "அந்த வாரங்களில் நின்றவர்கள்" என்பதுதான் நேர்மையான தொடர்.

எல்லாவற்றையும் சேர்த்தால் அந்தப் பத்தி எப்படி வரும்? நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"இவ்வாண்டு 160 வகுப்புகள் நடத்துவதாகச் சொன்னோம்; 115 நடத்தினோம். மலாய்மொழியில் 80இல் 76 நடந்தன. வரலாற்றில் 80இல் 39 மட்டுமே நடந்தன. வரலாற்று ஆசிரியர் நோய்வாய்ப்பட்டதால் பத்தாவது வாரத்துக்குப் பின் வகுப்பு நின்றது. நான்கு வாரத்தில் மாற்று ஆசிரியர் கிடைத்தும், செயலவை உரிய நேரத்தில் முடிவெடுக்காததால் மேலும் 16 வாரங்கள் வீணாயின. பதிந்த 46 மாணவர்களில் 29 பேர் தேர்வுவரை வந்தனர். அவர்களில் 28 பேர் மலாய்மொழியிலும் 25 பேர் வரலாற்றிலும் தேறினர். இரண்டிலும் தேறியவர்கள் 24 பேர். நான்காம் படிவ இறுதியில் மலாய்மொழியில் தேறியிருந்தவர்கள் 17 பேர். பள்ளியின் கூடுதல் வகுப்புகளுக்கும் இதில் பங்குண்டு. இடையில் நின்ற 17 பேரில் 9 பேர் வரலாற்று வகுப்பு இல்லாத வாரங்களில் நின்றவர்கள். 11 பேரின் நிலையை விசாரித்தோம். 6 பேர் இரு பாடங்களிலும் தேறியுள்ளனர். மற்ற 6 பேரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. செலவாகாத 2,700 ரிங்கிட் தனியாக வைக்கப்பட்டுள்ளது. நன்கொடையாளரின் ஒப்புதலோடு வரும் ஆண்டு வரலாற்று வகுப்புக்குச் செலவிடப்படும். மாற்று ஆசிரியரைத் தலைவரும் செயலாளரும் உடனடியாக நியமிக்கச் செயலவை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது."

ஒரே பத்தி. அரைப்பக்கம்கூட வராது. இதில் மன்னிப்பு இல்லை, புலம்பல் இல்லை. சாதனையும் குறையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் வருகின்றன. இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்: குறைகளைக் கடைசிப் பக்கத்துக்குத் துரத்தாமல், எந்த வேலையின் குறையோ அந்த வேலைக்குப் பக்கத்திலேயே வைப்பது. கனடாவில் எல்லையற்ற பொறியாளர்கள் என்ற அமைப்பு 2008 முதல் தோல்வி அறிக்கை என்று தனியாகவே வெளியிட்டது. பாராட்டத்தக்க துணிவுதான். ஆனால் நம்மைப் போன்ற சிறு அமைப்புக்குத் தனி ஏடு வேண்டாம். தனி ஏடு போட்டால் படிக்க விரும்புகிறவர் மட்டும் அதைப் படிப்பார். மற்றவர் கூடைப் படங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்னொரு பக்கமும் உண்டு. சிலருக்கு இந்த நேர்மை வந்துவிட்டால் அளவே இருக்காது. பக்கம் பக்கமாகத் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்வார்கள். மலாய்மொழி வகுப்பு 80இல் 76 நடந்தது சாதாரணமா? ஓய்வாக இருக்கவேண்டிய வயதில் ஓர் ஆசிரியை வாரம் இரண்டு மாலை பஸ் பிடித்து வந்திருக்கிறார். அதை ஒரு வரியில் முழங்காமல் சொல்லலாம், சொல்லவேண்டும். குறைகளிலும் எல்லாவற்றையும் கொட்டத் தேவையில்லை. நாற்காலி வாடகை கொஞ்சம் கூடியதும், ஒரு நாள் மின்சாரம் போனதும் அறிக்கைக்கு உரியவை அல்ல. வாக்களித்த வேலை நடக்கவில்லையா, ஒருவருக்குப் பாதிப்பு வந்ததா, கொடுத்த பணம் வேறு வழியில் போனதா என்ற மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

எழுதக்கூடாதவையும் உண்டு. பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்று விளக்கப்போய், "தந்தை குடிப்பழக்கத்துக்கு ஆளான ஒரு மாணவி" என்று எழுதிவிடுகிறார்கள். பெயர் போடவில்லையே என்கிறார்கள். ஒரே அடுக்குமாடியிலிருந்து ஐந்தாம் படிவத்துக்கு மூன்று பெண்கள் வருகிற இடத்தில் பெயர் எதற்கு? மின்தூக்கிக்குள் நுழையும் முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது காரணங்களைக் கூட்டிச் சொல்லுங்கள்: குடும்பச் சூழல் காரணமாக என்று இரண்டு மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் போதும். அதேபோல், பணம் கையாடப்பட்டதாகச் சந்தேகம் எழுந்து விசாரணை நடந்துகொண்டிருந்தால், இன்ன தொகை குறித்து விசாரணை நடக்கிறது, போலீசில் புகார் செய்யப்பட்டுள்ளது என்பதோடு நிறுத்துங்கள். யார் என்று எழுதுவது செயலாளரின் வேலையல்ல.

உங்களில் பலர் மனத்தில் இருப்பது எனக்குத் தெரியும். "இப்படி எழுதினால் நன்கொடை நின்றுவிடாதா?" சிலர் நிற்கலாம், மாட்டார்கள் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆனால் பெரிய தொகை தருகிற நிறுவனத்தில் உங்கள் கணக்கைப் படிப்பதற்கென்றே ஓர் அலுவலர் இருக்கிறார். 6,900ஐ 60ஆல் வகுக்க அவருக்கும் தெரியும். அவர் வகுத்துப் பார்த்துவிட்டு அமைதியாக இருப்பார்; அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்குப் பதில் வராது, ஏன் என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

அதைவிட உண்மையான பயம் வேறொன்று. அதை வெளியே சொல்லத்தான் யாரும் துணிவதில்லை. தேர்தல் ஆண்டு. பொதுக்கூட்டத்தில் எதிரணி ஒன்று காத்திருக்கிறது. "செயலாளரே எழுதியிருக்கிறார் பாருங்கள், 16 வாரம் வீணாம்!" என்று ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எழுவார். இது நடக்கும். அதற்கு வழி ஒன்றுதான். அந்தப் பத்தியைச் செயலாளர் தன் பெயரில் எழுதிக்கொண்டு போய் மேடையில் தனியாக நிற்கக்கூடாது. வரைவைச் செயலவைக் கூட்டத்தில் வாசித்து, திருத்தி, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று கூட்டக் குறிப்பில் பதியவேண்டும். அப்போது அது எல்லாருடைய பத்தி. பிறகு கூட்ட நாளில் வாசலில் கொடுக்காமல், அழைப்புக் கடிதத்தோடு சேர்த்தே உறுப்பினர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு வாரம் முன்பே படித்த உறுப்பினரிடம், புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் கூவுகிறவரின் கூச்சல் எடுபடாது. வகுப்பெடுத்த ஆசிரியருக்கும் அச்சாகும் முன் அறிக்கையின் ஒரு நகல் கொடுங்கள். நடந்ததா நடக்கவில்லையா என்று உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதிலும் மாற்று ஆசிரியர், தான் வருவதற்கு முன் என்ன நடந்ததென்று உங்கள் அறிக்கையைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

சென்ற ஆண்டு அறிக்கையில் கொடுத்த வாக்கு என்ன என்பதையும் இந்த ஆண்டு அறிக்கையின் முதல் பக்கத்தில் அப்படியே எடுத்துப் போடச் சொல்வேன். 160 வகுப்பு என்று சொன்னது எங்கேயும் எழுத்தில் இல்லையென்றால், 115 என்பது குறையா நிறையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பல அமைப்புகளில் இலக்கு என்பது செயலாளரின் மனத்தில் மட்டும் இருக்கிறது. செயலாளர் மாறினால் இலக்கும் மாறிவிடுகிறது.

வரும் கணக்காய்வுக்கு ரசீதுக் கோப்பையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பும்போது வருகைப் பதிவேட்டையும் செயலாளர் அறிக்கையின் வரைவையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். கேட்பதற்கு எனக்கு அதிகாரம் இல்லை, கேட்கிறேன். அச்சகத்துக்குப் போகும் முன் கொடுத்தால், எந்த வரி எந்த எண்ணோடு ஒட்டவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பித் தருகிறேன். மீஹூன் அதே ஒரு பொட்டலம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கில் கையெழுத்திடும் ஓர் உறுப்பினர்,
பட்டர்வொர்த், பினாங்கு